நிட்டிங் சார்ட் போட்டோவை எழுத்து வரிசைகளாக மாற்றுவது: ஓல்டு ஷேல் லேஸை வைத்து முழு வழிகாட்டி

நிட்டிங் சார்ட் என்பது, பின்னி முடித்த துணி முன்பக்கத்திலிருந்து எப்படித் தெரியுமோ அதைக் கட்டம் கட்டமாக வரைந்த படம். கைக்கு என்ன வேலை என்று அது நேரடியாகச் சொல்வதில்லை. முன்பக்கத்தில் என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் காட்டுகிறது. சார்ட்டை எழுத்தாக மாற்றும்போது வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை. அதோடு, கையில் இருப்பது புத்தகம் இல்லை, யாரோ எடுத்து அனுப்பிய போட்டோ என்றால், கோணல், மங்கல், வெட்டுப்பட்ட ஓரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே எழுதுவதைவிட, எழுதியதைச் சரிபார்ப்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஷெட்லண்ட் தீவுகளின் பழைய லேஸ் வடிவமான ஓல்டு ஷேலை எடுத்துக்கொள்வோம். கடல் அலை போல வளைந்து வளைந்து போகும் வடிவம் அது. நான்கே வரிசைதான், ஆனால் ஒரு சார்ட்டில் வழக்கமாகத் தடுமாறவைக்கும் விஷயங்கள் அதில் வந்துவிடுகின்றன. கண்ணி, வரிசை, ஊசி என்ற சொற்களோடு நிட், பர்ல் என்ற இரண்டையும் அப்படியே பயன்படுத்துகிறேன்.

முதலில் போட்டோவைச் சரி செய்யுங்கள்

படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், அதை டாக்குமென்ட்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பும்போது அளவு சுருங்கி, சின்னப் புள்ளிகளும் மெல்லிய சாய்கோடுகளும்தான் முதலில் கரைந்துபோகும். சார்ட்டில் முக்கியமானவை அவைதான்.

அப்புறம் போனில் இருக்கும் எடிட் வசதியில் படத்தின் நான்கு மூலைகளையும் இழுத்து, கட்டங்கள் சதுரமாகத் தெரியும்வரை நேராக்குங்கள். சாய்வாக எடுத்த படத்தில் மேல்வரிசைகள் குறுகிப்போயிருக்கும். கண் தானாக ஒரு கட்டம் தள்ளிப் படித்துவிடும். கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் கோடுகள் தெளியும். ஆனால் வண்ணப் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்பப் பின்ன வேண்டிய பகுதியைப் பல சார்ட்டுகளில் சிவப்புக் கோட்டால் அடைத்திருப்பார்கள்.

இப்போது ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களை எண்ணுங்கள். எல்லா வரிசையும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெருங்கி, கட்டங்கள் வளைந்து தெரிந்தால், புத்தகம் விரியாமல் நடு மடிப்பில் ஒரு நெடுவரிசை புதைந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது யூகிக்காமல் இன்னொரு படம் கேட்பதுதான் நல்லது.

எண்களையும் பாருங்கள். வரிசை எண்கள் திரும்பிய எழுத்தாகத் தெரிந்தால், படம் கண்ணாடிப் பிம்பமாகப் பதிவாகியிருக்கிறது. செல்ஃபி கேமராவில் எடுத்தால் இப்படி ஆகலாம். அதைத் திருப்பாமல் படித்தால் வலப்பக்கம் சாயும் குறி எல்லாம் இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

குறிவிளக்கப் பகுதியின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே குறிகள் கிடையாது. ஆங்கிலச் சார்ட்டுகளில் நிட் பெரும்பாலும் வெற்றுக் கட்டம், பர்ல் ஒரு புள்ளி அல்லது கிடைக்கோடு. ஜப்பானியச் சார்ட்டுகள் தங்கள் நாட்டுத் தரக்குறிகளைப் பின்பற்றுகின்றன: நிட் ஒரு செங்குத்துக் கோடு, பர்ல் ஒரு கிடைக்கோடு. இடத்தை மிச்சப்படுத்த வெற்றுக் கட்டத்தையும் பயன்படுத்துவார்கள். ஓரத்தில் `□ = |` என்றோ `□ = ―` என்றோ சின்னதாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போட்டோவில் வெட்டுப்பட்டால் மொத்த சார்ட்டுமே தலைகீழாகப் புரிந்துவிடும்.

இதுதான் நம் சார்ட்

போட்டோவில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்தால் இப்படி இருக்கும். நடுவே இரண்டு செங்கோடுகளுக்குள் இருக்கும் 18 கட்டங்கள்தான் திரும்ப வரும் பகுதி. இருபுறமும் இரண்டிரண்டு ஓரக் கண்ணிகள்.

```
4 ••|••••••••••••••••••|••
  □□|///□○□○□○□○□○□○///|□□ 3
2 ••|□□□□□□□□□□□□□□□□□□|••
  □□|□□□□□□□□□□□□□□□□□□|□□ 1
```

சார்ட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், துணி வளர்வது அப்படித்தான். வரிசை எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 1, 3 வலப்பக்கம் இருப்பதால் அவை முன்பக்க வரிசைகள், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 2, 4 இடப்பக்கம் இருக்கின்றன. அவை பின்பக்க வரிசைகள், இடமிருந்து வலமாகப் போக வேண்டும். சில சார்ட்டுகளில் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும். அப்படியானால் அருகில் அம்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்கள் 1, 3, 5 என்று தாவிப் போனால் பின்பக்க வரிசைகளை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவற்றை எப்படிப் பின்னுவது என்று பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "எப்போதும் பர்ல்தானே" என்று எடுத்துக்கொள்ள முடியாது; நம் ஓல்டு ஷேலிலேயே 4-ஆம் வரிசை பர்ல் இல்லை.

ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பெயர்

எழுதத் தொடங்கும் முன் ஒரு சின்ன அகராதி தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிக்கு முன்பக்க வரிசையில் ஒரு பொருள், பின்பக்க வரிசையில் இன்னொரு பொருள்.

வெற்றுக் கட்டம் முன்பக்க வரிசையில் நிட். பின்பக்க வரிசையில் துணியின் பின்புறம் நம்மைப் பார்த்திருப்பதால், முன்னால் நிட்டாகத் தெரிய நாம் பர்ல் பின்ன வேண்டும். புள்ளி இதற்கு நேர்மாறு: முன்பக்க வரிசையில் பர்ல், பின்பக்க வரிசையில் நிட். வட்டம் நூல்சுற்று, அதாவது நூலை ஊசியின்மேல் ஒரு சுற்று போட்டு ஓட்டையோடு ஒரு புதுக் கண்ணி உண்டாக்குவது. அது இரண்டு பக்கத்திலும் நூல்சுற்றுதான்.

வலப்பக்கம் சாயும் கோடு ( / ) முன்பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட். குறிவிளக்கத்தில் `k2tog` என்று இருக்கும். அதே கோடு பின்பக்க வரிசையில் வந்தால் இரண்டைச் சேர்த்து பர்ல். இடப்பக்கம் சாயும் கோடு ( \ ) முன்பக்கத்தில் `ssk`: இரண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக நிட் போல நழுவவிட்டு, இரண்டையும் பின்புறமாகச் சேர்த்துப் பின்னுவது. நம் சார்ட்டில் இது இல்லை, ஆனால் இலை வடிவ லேஸ்களில் நிறைய வரும்.

எழுத்துச் சுருக்கமும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுதுவது: நிட் என்பதற்கு நி, பர்ல் என்பதற்கு ப, நூல்சுற்றுக்கு சு, இரண்டைச் சேர்த்து நிட் என்பதற்கு நி2சே. நி2 என்றால் இரண்டு நிட், நி2சே என்றால் இரண்டையும் ஒன்றாக்குவது. இவை கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிவதால், சேர்ப்பதை எப்போதும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

வரிசைகளை எழுதுவது

ஒரு துணுக்குக் காகிதத்தையோ ஸ்கேலையோ படிக்கும் வரிசைக்கு மேலே வைத்து, இன்னும் வராத வரிசைகளை மறைத்துவிடுங்கள். பலர் கீழே வைக்கிறார்கள். கீழே இருப்பவை ஏற்கெனவே பின்னி முடித்தவை. புது வரிசை எதன்மேல் உட்காருகிறது என்று பார்க்க அவை தெரிவது நல்லது. போனில் என்றால் படத்தை அந்த வரிசை மட்டும் தெரியும்படி வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் பகுதியை இருமுறை பின்னப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 18 × 2 = 36, ஓரங்கள் 4, ஆக 40 கண்ணிகளை ஊசியில் ஏற்ற வேண்டும்.

1-ஆம் வரிசையில் எல்லாம் வெற்றுக் கட்டம், முன்பக்கம். 40 கண்ணியும் நிட்.

2-ஆம் வரிசை பின்பக்கம். இடப்பக்க ஓரத்தில் தொடங்குகிறோம். இரண்டு புள்ளிகள், பின்பக்கத்தில் அவை நிட். நடுவில் வெற்றுக் கட்டங்கள், அவை பர்ல். வலப்பக்க ஓரத்தில் மறுபடி இரண்டு நிட். நம் ஓரங்கள் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் எந்தப் பக்கம் தொடங்கினாலும் இங்கே தெரியாது. ஓரங்கள் வேறு வேறாக, உதாரணமாக இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3 என்று இருந்தால், பின்பக்க வரிசையில் முதலில் எழுத வேண்டியது 2.

3-ஆம் வரிசைதான் வடிவம் உருவாகும் இடம். முன்பக்கம், ஆகவே வலமிருந்து இடம். ஓரம் இரண்டு நிட். பிறகு மூன்று சாய்கோடுகள், மூன்று முறை நி2சே. அடுத்து வருவது வட்டம், அப்புறம் வெற்றுக் கட்டம். இந்த ஜோடி ஆறு முறை. பிறகு மறுபடி மூன்று நி2சே. இங்கே கவனம் வேண்டும். இந்த வரிசை மேலோட்டமாகப் பார்த்தால் இருபுறமும் சமமாகத் தெரியும், ஆனால் சமம் இல்லை. வலப்பக்கச் சாய்கோடுகளை ஒட்டி வட்டம் இருக்கிறது, இடப்பக்கச் சாய்கோடுகளை ஒட்டி வெற்றுக் கட்டம் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படித்தால் "சு, நி1" என்பது "நி1, சு" ஆகிவிடும்.

4-ஆம் வரிசை முழுக்கப் புள்ளி, பின்பக்கம். எல்லாம் நிட்.

எழுதி முடித்தால்:

1-ஆம் வரிசை (முன்பக்கம்): நி40.

2-ஆம் வரிசை (பின்பக்கம்): நி2, ப36, நி2.

3-ஆம் வரிசை (முன்பக்கம்): நி2, \*(நி2சே) × 3, [சு, நி1] × 6, (நி2சே) × 3\*, நட்சத்திரங்களுக்கு நடுவில் உள்ளதை மொத்தம் 2 முறை, நி2.

4-ஆம் வரிசை (பின்பக்கம்): நி40.

"மொத்தம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "இருமுறை திரும்பச் செய்க" என்று எழுதினால், ஏற்கெனவே செய்த ஒன்றோடு சேர்த்து மூன்று என்று படிக்க இடம் உண்டு. வேறு யாராவது உங்கள் குறிப்பை வைத்துப் பின்னும்போது அங்கேதான் கண்ணி போதாமல் நிற்பார்கள்.

எடுப்பதும் கொடுப்பதும்: கணக்குப் பார்ப்பது

ஒவ்வொரு குறியும் முந்தைய வரிசையிலிருந்து சில கண்ணிகளை எடுத்துக்கொண்டு, புது வரிசைக்குச் சில கண்ணிகளைக் கொடுக்கிறது. வரவு செலவு நோட்டு போல இதை இரண்டு பத்தியில் எழுதுங்கள். நிட்டும் பர்லும் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கும். நி2சே இரண்டை எடுத்து ஒன்றைக் கொடுக்கும், `ssk` குறியும் அப்படியே. நூல்சுற்று எதையும் எடுக்காது, ஒன்றைக் கொடுக்கும். மூன்றை ஒன்றாக்கும் குறி இருந்தால், மூன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கும்.

நம் 3-ஆம் வரிசையின் ஒரு பகுதிக்குக் கணக்கு: முதல் மூன்று நி2சே 6 எடுக்கும், 3 கொடுக்கும். ஆறு ஜோடி "சு, நி1" 6 எடுக்கும், 12 கொடுக்கும். கடைசி மூன்று நி2சே 6 எடுக்கும், 3 கொடுக்கும். எடுத்தது 18, கொடுத்தது 18. இருமுறை பின்னி, ஓரங்கள் நான்கையும் சேர்த்தால் 40க்கு 40.

சார்ட்டில் ஒரு கட்டம் என்பது அந்த வரிசை கொடுக்கும் ஒரு கண்ணி. அதனால் கொடுக்கும் பத்தி எப்போதும் கட்டங்களின் எண்ணிக்கைக்குச் சமமாகவே வரும். குறியைத் தவறாகப் படித்திருந்தாலும் பெரும்பாலும் சமமாகவே வரும். பிழையைக் காட்டிக்கொடுப்பது எடுக்கும் பத்திதான். மங்கலான படத்தில் ஒரு வட்டம் வெற்றுக் கட்டமாகத் தெரிந்துவிட்டது என்று வைப்போம். கொடுப்பது அப்போதும் 18. எடுப்பது 19 ஆகிவிடும். முந்தைய வரிசை கொடுத்தது 18தானே, அந்த ஒன்று எங்கிருந்து வரும்? உடனே அந்த வரிசைக்குத் திரும்பிப் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சாம்பல் நிறக் கட்டங்கள் இருந்தால் அவை பெரும்பாலும் "இங்கே கண்ணி இல்லை" என்பதற்கானவை. வரிசைக்கு வரிசை கண்ணி எண்ணிக்கை மாறும் வடிவங்களில், படத்தின் உருவம் கெடாமலிருக்க அவற்றை இட்டு நிரப்புவார்கள். எடுப்பது பூஜ்யம், கொடுப்பதும் பூஜ்யம். எழுத்தில் அவற்றை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். கட்டம் ஒன்றுக்கு ஒரு கண்ணி என்ற கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. போட்டோவில் கை நிழல் விழுந்த கட்டமும் சாம்பலாகத் தெரியலாம். ஒரு கட்டத்தை "கண்ணி இல்லை" என்று எடுத்துக்கொண்டதும் எடுக்கும் கணக்கு ஒன்று குறைந்தால், அது நிழல்தான்.

கணக்கு பிடிக்காத பிழைகள்

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. வலப்பக்கச் சாய்கோடும் இடப்பக்கச் சாய்கோடும் இரண்டை எடுத்து ஒன்றைக் கொடுப்பவை. ஒன்றை மற்றொன்றாகப் படித்தாலும் கூட்டல் சரியாக வரும். "சு, நி1" என்பதை "நி1, சு" என்று எழுதினாலும் அப்படியே. புள்ளியையும் வெற்றுக் கட்டத்தையும் மாற்றிப் படித்தாலும் ஒரு கண்ணிகூட வித்தியாசம் தெரியாது.

இதற்கு, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, போட்டோவைப் பார்க்காமல், கட்டம் போட்ட நோட்டில் சார்ட்டைத் திரும்ப வரையுங்கள். பின்பக்க வரிசைகளை இடமிருந்து வலமாக, நிட்டைப் புள்ளியாக, பர்லை வெற்றுக் கட்டமாக வரைய வேண்டும். முடித்தபின் போட்டோவோடு ஒப்பிடுங்கள். படிக்கும்போது திசை மாறியிருந்தால் வட்டம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். சாய்கோடு எந்தப் பக்கம் என்பது போட்டோவிலேயே தெளியவில்லை என்றால், பின்னி முடித்த துணியின் படத்தைப் பாருங்கள்; சேர்த்த இடத்தில் மேலே ஏறி நிற்கும் கண்ணி எந்தப் பக்கம் சாய்கிறதோ, குறியும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

கடைசியாக ஒரு மாதிரித் துண்டு. ஒரே ஒரு பகுதியும் ஓரங்களும், அதாவது 22 கண்ணிகள் போதும். நான்கு வரிசைகளையும் மூன்று நான்கு முறை திரும்பப் பின்னுங்கள். ஓல்டு ஷேலில் 4-ஆம் வரிசை முன்பக்கத்தில் ஒரு மேடான வரியாகத் தெரியும். அந்த மேடு ஓட்டைகளுக்கு நேர் மேலே வர வேண்டும். ஓட்டைகளுக்கு நேர் கீழே வந்தால், பின்பக்க வரிசைகளில் புள்ளியையும் வெற்றுக் கட்டத்தையும் மாற்றி எழுதியிருக்கிறீர்கள். 2-ஆம் வரிசையின் வேலையும் 4-ஆம் வரிசையின் வேலையும் இடம் மாறிவிட்டன. அப்போது ஓரக் கண்ணிகளும் மேடுபட்டுத் தட்டையாக நிற்காமல் சுருண்டுகொள்ளும். மேடே வரவில்லை என்றால், பின்பக்கம் முழுவதையும் பழக்கத்தில் பர்ல் பின்னியிருப்பீர்கள்.

வட்டமாகப் பின்னுவதானால்

இதே சார்ட்டைக் கழுத்துச் சுற்றுக்காக வட்ட ஊசியில் பின்ன நினைத்தால், மேலே எழுதிய குறிப்பைப் பயன்படுத்த முடியாது. மறுபடி எழுத வேண்டும். வட்டத்தில் முன்பக்கம்தான் எப்போதும் நம்மைப் பார்த்திருக்கும். எல்லாச் சுற்றும் வலமிருந்து இடம், வெற்றுக் கட்டம் எப்போதும் நிட், புள்ளி எப்போதும் பர்ல். ஓரக் கண்ணிகள் தேவையில்லை, 18இன் மடங்காக ஏற்றினால் போதும். முதல் இரண்டு சுற்றும் முழுக்க நிட், மூன்றாவது நட்சத்திரங்களுக்குள் இருக்கும் அதே வரி, நான்காவது சுற்று முழுக்க பர்ல்.